வாடகை வீட்டில் குடியேறியதும் ஹவுஸ் ஓனருக்கு அனுப்ப வேண்டிய குறைப்பட்டியல்: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, சமையல் மேடை கிரானைட்டில் இருந்த விரிசலுக்காக என் அட்வான்ஸில் 14,000 ரூபாய் பிடித்தார்கள். அந்த விரிசல் நான் குடிவந்த நாளிலேயே இருந்தது. என்னிடம் போட்டோகூட இருந்தது. ஆனால் அதை எடுத்தது சாமானெல்லாம் வந்து இறங்கி நான்கு நாள் கழித்து. படத்தில் விரிசலுக்குப் பக்கத்திலேயே என் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. "உங்க கிரைண்டர் வெயிட்டுலதான் விட்டிருக்கு, நீங்களே படம் எடுத்து வெச்சிருக்கீங்களே" என்றார் ஓனர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு வீடு மாறிவிட்டேன். சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என ஏழெட்டுப் பேருக்கு இந்தப் பட்டியலைத் தயாரிக்கக் கூட இருந்திருக்கிறேன். பட்டியல் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான். எதை எப்போது செய்கிறோம் என்பது மாறினால் அதே போட்டோ நமக்கு எதிராகவே திரும்பிவிடும். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் அக்ரிமென்டில் ஒரு வரியைத் தேடுங்கள்

முத்திரைத்தாளில் அடித்துத் தரும் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: வீட்டையும் அதிலுள்ள ஃபிட்டிங்ஸையும் வாடகைதாரர் நேரில் பார்த்து, எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டு பெற்றுக்கொள்கிறார். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் இதைப் படிப்பதில்லை. பிறகு தகராறு வந்தால் ஓனர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வரியைத்தான்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்த வரியின் முடிவில் "சாவி பெற்ற 7 நாட்களுக்குள் வாடகைதாரர் எழுத்தில் தெரிவிக்கும் குறைகள் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். டைப் செய்பவருக்கு இது ஒரு நிமிட வேலை, ஓனருக்கும் பொதுவாக ஆட்சேபம் இருக்காது. கையெழுத்து முடிந்துவிட்டதா? அப்படியானால் குறைப்பட்டியலோடு நீங்கள் ஓனருக்கு அனுப்பும் மெசேஜ்தான் அந்த வரிக்கு நீங்கள் தரும் பதில். அது எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வாடகை தொடங்கிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. வழக்கமான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. அட்வான்ஸை, கழிக்க வேண்டியது போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, எல்லாக் கேள்வியும் "தொடங்கிய நாளில் எப்படி இருந்தது?" என்பதில் வந்து நிற்கும். அதைக் காட்ட இந்தப் பட்டியலைத் தவிர வேறு எந்தக் காகிதமும் நம் கையில் இருப்பதில்லை.

2. பால் காய்ச்சும் நாளில் படம் எடுங்கள், சாமான் வரும் நாளில் அல்ல

நம் வழக்கம் இதற்கு நன்றாகவே உதவுகிறது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம், லாரி வேறொரு நாள் வருகிறது. ஆடி, மார்கழியைத் தவிர்க்க வேண்டி முன்கூட்டியே பால் காய்ச்சிவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சாமான் ஏற்றுபவர்களும் உண்டு. இடையில் வீடு காலியாக, சாவி உங்கள் கையில் இருக்கும். அந்த இடைவெளிதான் வேண்டியது.

காலி வீடு ஏன் என்றால், படத்தில் உங்கள் பொருள் ஒன்றுகூட இல்லாதபோது அந்தக் கீறல் உங்கள் பீரோவால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. லாரி ஆட்கள் கதவு நிலையில் இடிப்பது சகஜம். அவர்கள் வந்து போன பிறகு எடுத்த படத்தில் பழைய அடி எது, புது அடி எது என்று உங்களுக்கே தெரியாது.

பால் காய்ச்சுவதும் சாமான் இறக்குவதும் ஒரே நாள் என்றால், லாரிக்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போய்விடுங்கள். பகல் வெளிச்சம் அவசியம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுத்தால் ஜன்னல் வெளிச்சமே போதும்.

கையில் இருக்க வேண்டியவை: முழு சார்ஜில் ஃபோன், ஒரு டார்ச், பள்ளிக்கூட ஸ்கேல், ஒரு பழைய ஃபோன் சார்ஜர், ஒரு பக்கெட், ஒரு நோட்டு. கூட ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம்.

3. கேமராவை எடுப்பதற்கு முன் தண்ணீரையும் கரண்ட்டையும் சோதியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் கறையை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் பணம் அதிகம் போவது வேலை செய்யாத பொருட்களில். அதே சட்டத்தின் அட்டவணை பழுது வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டட வேலை, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய், ஃப்ளஷ், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை வாடகைதாரர் பக்கம். இதனால்தான் இரண்டாவது பட்டியலில் இருப்பவை ஏற்கெனவே கெட்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் செலவு தானாக உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

தண்ணீரில் தொடங்குங்கள், ஏனென்றால் கசிவு தெரிய நேரமாகும். சிங்க்கின் வாயை அடைத்து நிரப்பிவிட்டு, திறந்துவிட்டு, கீழே உள்ள பைப்பில் கை வைத்துப் பாருங்கள். வாஷ்பேசினுக்கும் அப்படியே. ஃப்ளஷ் டேங்க்கை இரண்டு முறை அழுத்திவிட்டு, நிரம்பிய பிறகும் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பாத்ரூம் தரையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக ஜாலியை நோக்கிப் போகும். மூலையில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை என்று பொருள். பின்னாளில் கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் ஓதம் என்று வந்து நிற்கும்போது இந்த ஒரு வீடியோ மிகவும் உதவும்.

அப்புறம் கரண்ட். ஃபோன் சார்ஜரை ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் சொருகிப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்துவரை திருப்புங்கள். கீசரைப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முந்தைய குடித்தனக்காரர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் முதல் பில்லில் சேர்ந்து வரும்.

கடைசியாகக் கதவுகள். ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் முழுதாக மூடித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். மழையில் ஊறிய பாத்ரூம் கதவு அடியில் உப்பியிருக்கும், நிலையில் உரசும். வாட்ரோப் ஒவ்வொன்றையும் திறந்து கீழ்த்தட்டில் கை வையுங்கள். பிளைவுட் ஓதம் பிடித்திருந்தால் விரலிலேயே தெரியும்.

4. ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம்

முதல் படம் தள்ளி நின்று: அறையின் எந்தச் சுவர், ஜன்னலுக்கு எந்தப் பக்கம் என்று புரிய வேண்டும். இரண்டாவது கிட்டத்தில், ஸ்கேலோ ஐந்து ரூபாய் நாணயமோ பக்கத்தில் வைத்து. வெறும் க்ளோஸப் படத்தால் பயன் இல்லை. வெள்ளைச் சுவரில் ஒரு கோடு எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். தூரப்படம் மட்டும் இருந்தால் கீறல் தெரியாது. அளவு ஏன் என்றால், இரண்டு செ.மீ. விரிசல் இரண்டு வருடத்தில் இருபது செ.மீ. ஆகலாம். எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரித்துச் சொல்ல அந்த ஸ்கேல்தான் வழி.

கிரானைட், பளபளப்பான டைல்ஸ், ஸ்டீல் சிங்க் ஆகியவற்றுக்கு ஃப்ளாஷ் போடாதீர்கள். வெளிச்சம் பிரதிபலித்துக் கீறலை மறைத்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் கீறலும் மேடுபள்ளமும் நிழலோடு தெளிவாகத் தெரியும். சுவர் ஓதத்துக்கும் இதே முறைதான். பெயின்ட் உப்பியிருக்கும் இடம் நேர் வெளிச்சத்தில் தெரியாது.

ஒழுகல், ஃபேன் சத்தம், தேங்கும் தண்ணீர் இவற்றுக்கு வீடியோ எடுங்கள், ஒவ்வொன்றும் இருபது விநாடிக்குள். எடுக்கும்போதே "ஹால் ஃபேன், மூன்றாம் நம்பரில்" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாகச் சுற்றிவரும் ஒரு நீண்ட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருப்பதும் இதில் பதிவாகும். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஏதாவது பின்னால் பேச்சுக்கு வந்தால், தேடிப் பார்க்க இதுவே இருக்கும்.

5. பட்டியலை எழுதும் முறை

வீட்டைப் பார்த்தே இராத ஒருவர் அந்த மெசேஜை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்தையும் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அதுதான் அளவுகோல். "கிச்சன் மோசமாக இருக்கிறது" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. "சிங்க்குக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டி, கிரானைட்டில் 9 செ.மீ. விரிசல்" என்பதை யாரும் மறுக்க முடியாது.

வாசலிலிருந்து உள்ளே நடந்துபோகும் வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். காரணத்தை எழுத வேண்டாம். "முந்தைய ஆள் உடைத்துவிட்டார்" என்றால் அவரைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும். இருப்பதை மட்டும் எழுதினால் போதும்.

இன்னொன்று, நான் பார்த்ததில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. பதிவுக்காகச் சொல்வதையும் சரிசெய்யக் கேட்பதையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறார்கள். இருபது குறையை ஒரே மூச்சில் படிக்கும் ஓனருக்கு, இந்த இருபதையும் நான் சரிசெய்ய வேண்டுமாம் என்றுதான் தோன்றும். உடனே கோபமாக ஒரு ஃபோன் வரும். உண்மையில் சரிசெய்ய வேண்டியது மூன்றோ நான்கோதான். மற்றவை, இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் போதும். அதனால் இரண்டு தலைப்பாகப் பிரித்துவிடுங்கள். பெரிய பட்டியலைக்கூட அமைதியாகப் படிக்க வைப்பது இந்தப் பிரிப்புதான்.

6. ஒரு முழு மெசேஜ்

என் சித்தப்பா மகள் மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்குக் குடிபோனாள். வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. ஓனர் தாம்பரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற மனிதர். பால் காய்ச்சிய அன்று பகல் இரண்டு பேருமாக வீட்டைப் பார்த்தோம், மாலையே இதை அனுப்பினாள்:

> வணக்கம் சார். இன்று காலை சாவி வாங்கிக்கொண்டு பால் காய்ச்சிவிட்டோம். வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. சாமான் ஞாயிறு அன்று வருகிறது. இப்போது வீடு காலியாக இருப்பதால் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். பின்னால் இருவருக்கும் குழப்பம் வராமல் இருக்க அனுப்புகிறேன் சார்.
>
> அ) பதிவுக்காக மட்டும். இவற்றில் எதுவும் செய்ய வேண்டியதில்லை:
> 1. வாசல் கதவு, உள்பக்கம், கைப்பிடிக்குக் கீழே 12 செ.மீ. கீறல்.
> 2. ஹால், டிவி சுவரில் 6 ஆணி ஓட்டைகள், டேப் ஒட்டி உரித்த அடையாளம் 2.
> 3. ஹால், பால்கனிக் கதவருகே டைல்ஸ் ஒன்றில் மூலை உடைந்திருக்கிறது (3 செ.மீ.).
> 4. சமையல் மேடை, சிங்க்குக்கு வலப்பக்கம் கிரானைட்டில் 9 செ.மீ. விரிசல்.
> 5. சிறிய பெட்ரூம், ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓதம், பெயின்ட் உப்பியிருக்கிறது (சுமார் 40 x 25 செ.மீ.).
> 6. பெரிய பெட்ரூம் வாட்ரோப், இடது கதவின் கீழ்ப்பகுதி பிளைவுட் உப்பியிருக்கிறது.
> 7. பொது பாத்ரூம், குழாய்க்குக் கீழே டைல்ஸில் உப்புக்கறை. தேய்த்தும் போகவில்லை.
> 8. பொது பாத்ரூம், கதவுப்பக்க மூலையில் தண்ணீர் தேங்குகிறது (வீடியோ).
>
> ஆ) சரிசெய்து தர முடியுமா என்று கேட்பவை:
> 9. சிங்க் அடி பைப் இணைப்பில் ஒழுகல் (வீடியோ).
> 10. பெரிய பெட்ரூம், கட்டில் பக்கத்து பிளக் பாயின்டில் கரண்ட் வரவில்லை.
> 11. அட்டாச்டு பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் விழவில்லை.
>
> ஈ.பி. மீட்டர் ரீடிங் படம் இணைத்திருக்கிறேன். வாங்கிய சாவிகள்: வாசல் 2, கிரில் கேட் 1, மொட்டைமாடி 1.
>
> படங்கள் இதே எண்களோடு கீழே வருகின்றன. எதிலாவது மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள் சார். பார்த்துவிட்டு ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும். நன்றி.

இதில் சில விஷயங்களை வேண்டுமென்றே செய்தோம். சாமான் எப்போது வருகிறது என்பது மெசேஜிலேயே இருக்கிறது. படம் காலி வீட்டில் எடுக்கப்பட்டது என்பது அதனால் உறுதியாகிறது. "தேய்த்தும் போகவில்லை" என்ற இரண்டு சொல், பின்னால் சுத்தம் செய்யக் கூலி கேட்டால் பதிலாக இருக்கும். சாவி எண்ணிக்கை சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று சாவி கொடுத்தேன் என்று ஓனர் சொல்லிப் பூட்டையே மாற்றக் காசு கேட்டதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

7. அனுப்பும் விதம்

முதலில் எழுத்து, பிறகு படங்கள். படம் முன்னால் போனால் ஓனர் நான்கு படத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார், அது எதற்கு என்றே புரியாது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் கேப்ஷனாக அதன் எண்ணைப் போடுங்கள்: "4 தூரம்", "4 கிட்டே".

அனுப்புவதற்கு முன் அந்த வாட்ஸ்அப் சாட்டில் `Disappearing messages` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலர் எல்லா சாட்டுக்கும் அதைப் போட்டு வைத்திருப்பார்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் பட்டியல் தானாக அழிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடும். மெல்லிய கீறல் உள்ள முக்கியமான மூன்று நான்கு படங்களை மட்டும் `Document` வழியாக அனுப்புங்கள், அவை அசல் தரத்திலேயே போகும். எல்லாவற்றையும் அப்படி அனுப்பினால் பெரியவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சிரமம்.

படத்தின் மேல் தேதி முத்திரை போடும் ஆப் தேவையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபோனில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் அந்த முத்திரைக்குப் பெரிய மதிப்பு இல்லை. அனுப்பிய தேதிதான் முக்கியம். அது உங்கள் ஃபோனிலும் இருக்கும், அவர் ஃபோனிலும் இருக்கும். எடுத்துவிட்டு அனுப்பாமல் கேலரியில் வைத்திருப்பது ஏன் போதாது என்பதற்கும் இதுவே காரணம். எடுத்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் அனுப்பிவிடுங்கள். ஓனரிடம் ஈமெயில் இருந்தால் அதே எழுத்தையும் படங்களையும் அதிலும் ஒரு பிரதி அனுப்பலாம்.

புரோக்கருக்கு மட்டும் அனுப்புவது போதாது. கமிஷன் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது, உங்கள் அட்வான்ஸ் அவரிடம் இல்லை. அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டவருக்கே போக வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்து, அப்பாவோ தம்பியோ வீட்டைப் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் அனுப்புங்கள்.

8. பதில் வாங்குவது

நீல டிக் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பலர் அதை அணைத்து வைத்திருப்பார்கள். "ஓகே", "பார்த்தேன்" என்று எழுத்தில் ஒரு சொல் வந்தால் நல்லது.

பெரும்பாலும் எழுத்தில் பதில் வராது, ஃபோன்தான் வரும். மடிப்பாக்கத்திலும் அப்படித்தான். ஓனர் கூப்பிட்டு, "அதெல்லாம் பழசும்மா, எனக்குத் தெரியும், பிளம்பரை அனுப்புறேன்" என்றார். நல்ல பதில்தான், ஆனால் காற்றில் போய்விடும். ஃபோனை வைத்த ஐந்து நிமிடத்தில் அவள் ஒரு வரி அனுப்பினாள்: "ஃபோனில் பேசியதற்கு நன்றி சார். 1 முதல் 8 வரை ஏற்கெனவே இருப்பவை என்று சொன்னீர்கள், 9-க்கு பிளம்பர் சனிக்கிழமை வருகிறார் என்றீர்கள். சரியாகக் குறித்துக்கொண்டேன்." அவர் கட்டைவிரல் ஒன்றைப் போட்டார். அது போதும்.

"எதுக்கும்மா இதெல்லாம், நம்பிக்கை இல்லையா?" என்று சில ஓனர்கள் கேட்பார்கள். வாதாட வேண்டாம். "நான் ஏதாவது உடைச்சா அதுவும் இதுலயே தெரிஞ்சிடும் சார், உங்களுக்கும் வசதிதான்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பதிலே வராவிட்டால் மூன்றாம் நாள் அதே மெசேஜை ரிப்ளை செய்து, பார்த்தீர்களா என்று ஒருமுறை கேளுங்கள். அதற்குமேல் துரத்த வேண்டியதில்லை. அவர் மறுக்காமல் இருந்ததே ஓரளவுக்கு உங்கள் பக்கம் பேசும்.

9. பிறகு தெரியவரும் குறைகள்

குடியிருந்தால்தான் சில குறைகள் தெரியும். ஷவரில் இரண்டு பேர் குளித்தபின் அடைக்கும் டிரெயினேஜ், ராத்திரியில் சொட்டும் டேங்க். இவற்றைத் தெரிந்த அன்றே எண் 12, 13 என்று தொடர்ச்சியாகப் போட்டு, முதல் மெசேஜுக்கு ரிப்ளையாக அனுப்புங்கள். முதல் மெசேஜையே திருத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் மட்டும்தான் திருத்த முடியும், அப்படித் திருத்தினாலும் `Edited` என்று காட்டும், பட்டியல் மீதே சந்தேகம் வரும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் வருவதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. சென்னையில் ஒரு விதிவிலக்கு வடகிழக்குப் பருவமழை. ஜூனில் குடிபோனவருக்கு சீலிங் ஒழுகல் அக்டோபர், நவம்பரில்தான் தெரியும். முதல் பெருமழை முடிந்ததும் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்து, வெளிச்சுவர்ப் பக்கம், ஜன்னல் மூலை, லாஃப்ட் உள்பக்கம் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். மழைநீர்க் கசிவு கட்டடத்தின் குறை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டு, உள்ளே வாட்ரோப் அழுகிப்போனால், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று ஓனர் கேட்பதில் நியாயம் இருக்கும்.

10. பத்திரப்படுத்துவது

இரண்டு மூன்று வருடத்தில் ஃபோன் மாறும், சாட் போகும். மெசேஜை ஸ்டார் செய்யுங்கள். ஓனரின் பதில் வந்ததும் அந்த சாட்டை `Export chat` மூலம் படங்களோடு உங்கள் ஈமெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்பி வையுங்கள். அசல் படங்களையும் அந்த நீண்ட வீடியோவையும் அக்ரிமென்ட் ஸ்கேனோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். அசலைக் கிராப் செய்யாதீர்கள், அதன்மேல் வட்டம் போடாதீர்கள். வட்டம் வேண்டுமென்றால் நகலில் போடுங்கள்.

11. காலி செய்யும் நாளில்

சாமான் போன பிறகு, பழைய படங்களை ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். ஓனர் வீட்டைப் பார்க்க வரும்போது அந்தப் பழைய மெசேஜை அன்று காலையே ரிப்ளை செய்து மேலே கொண்டு வந்துவிடுங்கள். அவர் ஒரு பொருளைக் காட்டிக் கேட்ட பிறகு தேடி எடுத்துக் காட்டினால் அவரைப் பொய்யர் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். முன்பே கண்ணில் பட்டிருந்தால் அவரே அதை விட்டுவிட்டுப் பேசுவார்.

இந்தப் பட்டியலால் ஆகாத காரியமும் உண்டு. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்று அக்ரிமென்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், சுவர் ஏற்கெனவே கறையாக இருந்தது என்று காட்டி அதை நிறுத்துவது கடினம். அதைக் கையெழுத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். நீங்கள் உடைத்ததையும் இது மறைக்காது.

மடிப்பாக்கம் வீட்டை இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தபோது ஓனர் மூன்று விஷயத்தைச் சொன்னார்: கிரானைட் விரிசல், வாட்ரோப் கதவு, பெரிய பெட்ரூமில் ஒரு டைல்ஸ். முதல் இரண்டும் பட்டியலில் 4, 6 என்று இருந்தன. ஸ்கேல் வைத்து அளந்தோம், விரிசல் அதே 9 செ.மீ. அவர் அந்த இரண்டையும் விட்டுவிட்டார். டைல்ஸ் பட்டியலில் இல்லை. அம்மிக்குழவி கைதவறி விழுந்து உடைந்தது என்று அவளே சொன்னாள். அதற்கு ஆன கூலியும் டைல்ஸ் விலையும் சேர்த்து 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு, 88,500 ரூபாயை அந்த வாரமே அனுப்பிவிட்டார்.